ஸ்டாக் இல்லாத ஆறு நாளும் ஓடிய விளம்பரம்: சேலம் காபித்தூள் கடை ஒன்றின் கணக்கு

நான்கு வாரம் ஓடிய ஒரு வீடியோ விளம்பரத்துக்கு, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் விளம்பரத் திரையில் நின்ற எண் 1.97. அதாவது ஒரு ரூபாய் விளம்பரத்துக்குச் செலவானால் ஒரு ரூபாய் 97 காசுக்கு விற்பனை. இந்தக் கடைக்கு அது போதாது. காபிக்கொட்டை, அரவை, பாக்கெட், கூரியர் எல்லாம் போக நூறு ரூபாய் விற்பனையில் 45 ரூபாய்தான் மிஞ்சும். விளம்பரக் காசு திரும்பி வரவேண்டுமென்றால் விகிதம் 2.22 தொடவேண்டும். அதே நான்கு வாரத்தில் கடையின் இன்னொரு விளம்பரம், பரிசுப் பெட்டிக்கானது, 2.23 காட்டியது. கடைக்காரர் முடிவே எடுத்துவிட்டார். “அந்த வீடியோ எடுபடலை தம்பி. நிறுத்திட்டு அந்தக் காசையும் பெட்டி விளம்பரத்துக்கே போட்டுடுங்க” என்றார்.

நிறுத்துவதற்கு முன் நாங்கள் உட்கார்ந்து பார்த்த கணக்குதான் இது. அந்த நான்கு வாரத்தில் ஸ்டாக் தீர்ந்திருந்தது, கூரியரும் தாமதமாகியிருந்தது. இரண்டும் கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் அவை விளம்பரக் கணக்கில் எங்கே, எவ்வளவு புகுந்திருக்கின்றன என்று யாரும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது கிடைத்த விடை, வீடியோ அருமை என்பதும் இல்லை, மோசம் என்பதும் இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

கடையும் அந்த மழையும்

ஏற்காட்டில் ஒரு சிறிய வறுவல் கூடம். வறுத்த கொட்டை வாரம் இரண்டு முறை, செவ்வாயும் சனியும், சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு இறங்கும். அங்கே அரைத்து, சிக்கரி கலந்து, பாக்கெட் போட்டு அனுப்புவார்கள். அதிகம் விற்பது 80-20 கலவை, அரைக் கிலோ பாக்கெட் 400 ரூபாய். பெரும்பாலானவர்கள் இரண்டு பாக்கெட்டாக வாங்குவதால் ஒரு ஆர்டர் சராசரியாக 800 ரூபாய்க்கு வரும். சிக்கரி சேராத கால் கிலோ பாக்கெட் 350 ரூபாய். இவை தவிர மூன்று வகைத் தூள் அடங்கிய பரிசுப் பெட்டி 1,200 ரூபாய்.

விளம்பரம் இரண்டு. ஒன்று, பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதைக் காட்டும் வீடியோ. அது அரைக் கிலோ பாக்கெட்டின் பக்கத்துக்குக் கொண்டுபோகும். நாளுக்கு 1,500 ரூபாய். இன்னொன்று பரிசுப் பெட்டிக்கான படம், நாளுக்கு 500 ரூபாய். பார்த்த காலம் 2024 நவம்பர் 18 முதல் டிசம்பர் 15 வரை. வீடியோவுக்கு 42,000, பெட்டிக்கு 14,000 செலவு.

அந்தக் காலத்தின் நடுவில்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, உள்மாவட்டங்களில் அடுத்த இரண்டு நாளும் கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இருபது கொண்டை ஊசி வளைவுள்ள சாலை அது. அதில் ஓரிடத்தில் சரிந்தாலும் லோடு வண்டி இறங்காது. டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை வரவேண்டிய கொட்டை வரவில்லை. அரைக் கிலோ பாக்கெட் அதற்கு முந்தின நாளே, 2ஆம் தேதி மாலை நான்கு மணிக்குத் தீர்ந்துவிட்டது. 7ஆம் தேதி லோடு இறங்கி, அரைத்துப் பாக்கெட் போட்டு, 8ஆம் தேதி காலை பதினொரு மணிக்குத்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது.

கூரியர் கதை வேறு. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து விழுப்புரம் பக்கம் அரசூரில் நெடுஞ்சாலையே முடங்கியது. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை போகும் சரக்கெல்லாம் தேங்கியது. நவம்பர் 29 முதல் அனுப்பிய சென்னை, புதுச்சேரி பார்சல்கள் வழியில் கிடந்தன. அப்புறம் டிசம்பர் 3 முதல் 11 வரை, சென்னை பின்கோடு போட்டால் கடையின் பணம் கட்டும் பக்கம் “8 நாளில் கிடைக்கும்” என்று காட்டியது. வழக்கமாக அங்கே 3 நாள் என்றிருக்கும்.

வீடியோ விளம்பரம் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடையின் பொருள் பட்டியலிலிருந்து தானாக உருவாகும் விளம்பரமாக இருந்தால், பட்டியலில் `availability` என்ற இடத்தில் `out of stock` என்று மாறியதும் அந்தப் பொருள் காட்டப்படுவது நின்றுபோகும். ஒரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்த சாதாரண வீடியோவுக்கு ஸ்டாக் இருப்பதும் தெரியாது, தீர்ந்ததும் தெரியாது. கிளிக் செய்தவர்கள் வந்து பார்த்தது “தற்போது இருப்பில் இல்லை” என்ற வரியை.

முதலில் நேரத்தைப் பிடிப்பது

ஸ்டாக் எப்போது தீர்ந்தது என்று கேட்டால் கடைக்காரர்கள் தேதியைத்தான் சொல்வார்கள். நமக்கு மணி வேண்டும். காரணம் சுலபமானது. ஸ்டாக் தீர்வதே பெரும்பாலும் நன்றாக விற்ற நாளில்தான். டிசம்பர் 2 அன்று மாலை நான்கு மணிக்குள் வீடியோ வழியாக ஐந்து ஆர்டர் வந்திருந்தது. மழையில் வீட்டிலேயே இருந்தவர்கள் வாங்கியிருக்கலாம். “2ஆம் தேதி ஸ்டாக் இல்லை, அந்த நாளை விட்டுவிடுவோம்” என்றால் விளம்பரம் வேலை செய்த நேரத்தையும் சேர்த்துத் தூக்கிப்போட்டதாகும். மாறாக அந்த நாள் முழுவதையும் நல்ல நாளாக எண்ணினால், வாங்க வழியே இல்லாத எட்டு மணி நேரம் விளம்பரத்தின் தலையில் விழும்.

கடையின் மென்பொருள் இன்றைய ஸ்டாக்கைத்தான் காட்டியது, பழைய நிலவரம் அதில் இல்லை. அதனால் மூன்று இடத்திலிருந்து நேரத்தைச் சேர்த்தோம்: அரைக் கிலோ பாக்கெட்டின் கடைசி ஆர்டர் நேரம், பாக்கெட் போடும் இடத்தில் இருக்கும் கையெழுத்து நோட்டு, லோடு இறங்கியதும் டிரைவர் வாட்ஸ்அப்பில் போட்ட படம். கடைசி ஆர்டர் நேரத்தை மட்டும் நம்பக் கூடாது. அதற்குப் பின் பொருள் இருந்தும் யாரும் வாங்காமல் இருந்திருக்கலாம். நோட்டில் நான்கு மணி என்று எழுதியிருந்ததும் கடைசி ஆர்டரும் ஒத்துப்போனதால் அதையே எடுத்துக்கொண்டோம்.

விற்பனையை எந்த நாளில் வைப்பது என்பதில் இன்னொரு சிக்கல். மெட்டா ஒரு விற்பனையை, ஆர்டர் நடந்த நாளில் வைப்பதில்லை. அந்த விளம்பரம் காட்டப்பட்ட நாளில் வைக்கும். வழக்கமான அமைப்பில், கிளிக் செய்து ஏழு நாளுக்குள் வாங்கினால் அது விளம்பரத்தின் கணக்கு. ஆக, 5ஆம் தேதி கிளிக் செய்து ஸ்டாக் இல்லாமல் திரும்பிப்போனவர் 8ஆம் தேதி வாங்கினால், மெட்டா திரையில் அது 5ஆம் தேதி விற்பனையாகத் தெரியும். ஸ்டாக் இல்லாத நாளில் விற்பனை நடந்தது போன்ற தோற்றம் வரும். அதனால் நாள்வாரியாகப் பிரிக்க மெட்டா திரையைப் பயன்படுத்தவில்லை. விளம்பர இணைப்பில் ஏற்கெனவே சேர்த்திருந்த `utm_campaign` குறியை வைத்து, கடையின் ஆர்டர் பட்டியலிலிருந்தே எடுத்தோம். அங்கே ஆர்டரின் உண்மையான நேரம் இருக்கிறது.

இரண்டு கணக்கும் நான்கு ஆர்டர் வித்தியாசப்பட்டன. கடைப் பட்டியலில் 103 ஆர்டர், 79,700 ரூபாய், விகிதம் 1.90. மெட்டாவில் 107. அந்த நான்கு பேரும் “ஸ்டாக் வந்ததும் சொல்லுங்கள்” என்று எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். 8ஆம் தேதி கடையிலிருந்து போன வாட்ஸ்அப் செய்தியைத் தட்டி வாங்கியிருந்தார்கள். அவர்களை முதலில் கூட்டி வந்தது வீடியோதான், அதை மறுக்க முடியாது. ஆனால் ஸ்டாக் வந்த மறுநாள் விளம்பரம் எப்படி ஓடியது என்று அளக்கும்போது, காத்திருந்தவர்களின் ஆர்டரைச் சேர்த்தால் அந்த நாள் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

நான்கு பகுதியாகப் பிரித்ததும்

வீடியோவின் 42,000 ரூபாயை இப்படிப் பிரித்தோம்.

| காலம் | செலவு | பக்கம் பார்த்தவர் | கூடையில் போட்டவர் | ஆர்டர் | விகிதம் |
|---|---|---|---|---|---|
| நவ. 18 – டிச. 2 மாலை 4 மணி | 22,000 | 3,000 | 240 | 69 | 2.51 |
| டிச. 2 மாலை – 8 காலை 11 மணி (ஸ்டாக் இல்லை) | 8,700 | 1,200 | 14 | 6 | 0.24 |
| டிச. 8 காலை – 11 இரவு (ஸ்டாக் உண்டு, தாமதம் தெரியும்) | 5,300 | 720 | 56 | 9 | 1.36 |
| டிச. 12 – 15 | 6,000 | 820 | 64 | 19 | 2.53 |

இரண்டாம் பகுதியின் ஆறு ஆர்டரும் அரைக் கிலோ இல்லாததால் சிக்கரி சேராத கால் கிலோவை வாங்கியவர்கள். அதனால்தான் ஆர்டரின் மதிப்பும் சிறியது.

விகிதத்தை விட அட்டவணையின் நடுவில் இருக்கும் இரண்டு நெடுவரிசைகள்தான் அதிகம் பேசுகின்றன. விளம்பரம் எடுபடாமல் போனால் அது பொதுவாக விளம்பரத்திலேயே தெரியும். பார்த்தவரில் கிளிக் செய்பவர் குறைவார்கள், ஒரு கிளிக்கின் விலை ஏறும், ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டப்படும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. நான்கு பகுதியிலும் பார்த்தவரில் 1.3 முதல் 1.4 சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள், ஒரு கிளிக் ஆறு ரூபாயை ஒட்டியே இருந்தது. மக்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வந்தபின் எந்தப் படியில் நின்றுபோனார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஸ்டாக் இருந்தபோது பக்கம் பார்த்த நூறு பேரில் எட்டுப் பேர் கூடையில் போட்டார்கள். ஸ்டாக் தீர்ந்ததும் அது ஒன்றாகிவிட்டது. கூடையில் போடும் பொத்தானே இல்லாதபோது வேறென்ன நடக்கும்? மூன்றாம் பகுதியில் கூடையில் போடுவது மறுபடி கிட்டத்தட்ட எட்டு. அந்தப் படி சரியாகிவிட்டது. ஆனால் பணம் கட்டும் பக்கம் வரை வந்த 30 பேரில் 9 பேர்தான் வாங்கினார்கள். முதல் பகுதியில் அந்தப் படியில் 130 பேர் வந்து 69 பேர் வாங்கியிருந்தார்கள். பாதிக்கு மேல் முடித்த இடத்தில் இப்போது மூன்றில் ஒருவர்கூட முடிக்கவில்லை. பின்கோடு போட்டு “8 நாள்” என்று பார்த்ததும் விலகிவிட்டார்கள். முடிக்காமல் போன 21 பேரின் பின்கோட்டைப் பார்த்தபோது பெரும்பாலும் சென்னையும் அதைச் சுற்றிய ஊர்களும்தான். கோவை, ஈரோடு, மதுரைக்காரர்கள் வழக்கம்போல வாங்கியிருந்தார்கள்.

ஆக, ஸ்டாக் இல்லாதது பொருளின் பக்கத்திலேயே கடிக்கிறது, தாமதம் பணம் கட்டும் பக்கத்தில் கடிக்கிறது. வெறும் மொத்த விகிதத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து “விளம்பரம் சரியில்லை” என்று தெரியும். இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுளின் GA4 வைத்திருப்பவர்கள் `view_item`, `add_to_cart`, `begin_checkout`, `purchase` என்ற நான்கையும் வரிசையாக வைத்தால் இதே உடைப்பு தெரியும்.

“மழையில எல்லார் வியாபாரமும்தான் படுத்துச்சு. ஸ்டாக் இருந்திருந்தாலும் யார் வாங்கியிருப்பாங்க?” என்று கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஸ்டாக் தீராத ஒரு பொருள் வேண்டும். நல்லவேளையாகப் பரிசுப் பெட்டி இருந்தது. அது முன்பே கட்டி சேலத்திலேயே அடுக்கி வைத்த சரக்கு, நான்கு வாரமும் தீரவில்லை. வாரவாரியாக அதன் ஆர்டர் 7, 8, 5, 6. மழை வாரத்தில் குறைந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை. வீடியோவோ அதே வாரத்தில் அடியோடு விழுந்தது. பெட்டியின் எண்ணிக்கை மிகச் சிறியது, அதை வைத்து இத்தனை சதவீதம் மழையால், இத்தனை சதவீதம் ஸ்டாக்கால் என்று பிரிக்க நான் துணியமாட்டேன். சந்தையே இல்லாமல் போனது என்ற விளக்கம் மட்டும் நிற்காது என்று சொல்ல அது போதும்.

ஆர்டரா, கையில் வந்த காசா

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கடைக்காரருக்கு நல்ல செய்தியோடு எழுந்திருக்கலாம். ஸ்டாக்கும் கூரியரும் சரியாக இருந்த முதல், நான்காம் பகுதிகளைச் சேர்த்தால் 28,000 செலவுக்கு 70,400 விற்பனை, விகிதம் 2.51. வரம்பு 2.22. வீடியோ நன்றாகவே ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பல ஆய்வுகள் இங்கேதான் முடிகின்றன, அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். பழியை ஸ்டாக் மேல் போட்டு விளம்பரத்தைக் காப்பாற்றுவதும் தவறான வாசிப்புதான்.

ஏனென்றால் 2.51 என்பது ஆர்டர் கணக்கு. விளம்பரத் திரைக்குத் தெரிந்தது ஆர்டர் உறுதியான கணம்வரைதான். அதற்குப் பின் பார்சல் போய்ச் சேர்ந்ததா, வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாரா என்பது அதற்குத் தெரியாது. நம் ஊரில் பாதி ஆர்டர் கேஷ் ஆன் டெலிவரி. பார்சல் தாமதமானால் அதற்குள் பக்கத்துக் கடையில் வாங்கிவிடுவார்கள், வாசலில் வந்து நின்றதும் வேண்டாம் என்பார்கள். ஆக தாமதத்துக்கு இரண்டு முகம். ஆர்டருக்கு முன் தெரிந்தால் விகிதத்தைக் குறைக்கிறது. ஆர்டருக்குப் பின் நடந்தால் விகிதத்தைத் தொடுவதே இல்லை, திரை அழகாகவே இருக்கும், காசு மட்டும் வராது.

கூரியர் பட்டியலை ஆர்டர் எண்ணோடு பொருத்தினோம். நவம்பர் 18 முதல் 28 வரை 54 ஆர்டர், அதில் 5 திரும்பி வந்தது. நவம்பர் 29 முதல் டிசம்பர் 2 மாலை வரை 15 ஆர்டர், அதில் 6 திரும்பி வந்தது. திரையில் இந்த இரண்டு காலமும் “ஸ்டாக் இருந்த நல்ல நாள்” என்று ஒரே பகுதியாகத்தான் இருந்தன. ஸ்டாக் இருந்தது உண்மை, ஆனால் பார்சல்கள் வெள்ளத்தில் மாட்டியவை. டிசம்பர் 12 முதல் 15 வரை 19 ஆர்டரில் 2 திரும்பியது. நவம்பர் கடைசிக்கு முன் இருந்த அளவுதான்.

எனவே உண்மையிலேயே இடையூறு இல்லாத காலம் நவம்பர் 18–28, டிசம்பர் 12–15. செலவு 22,500. போய்ச் சேர்ந்த ஆர்டர் 66. விற்பனை 52,800. விகிதம் 2.35.

நமக்குச் சாதகமான நாளை மட்டும் பொறுக்கியெடுத்துவிட்டோமோ என்ற சந்தேகம் வரவேண்டும், எனக்கும் வந்தது. அதனால் நவம்பர் 29 முதல் டிசம்பர் 2 வரையான நாட்களையும் சேர்த்து, அந்த 15 ஆர்டரும் வழக்கமான அளவில், அதாவது பத்தில் ஒன்று திரும்பியிருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். 2.27 வந்தது. ஆக 2.27க்கும் 2.35க்கும் நடுவில் எங்கோ. 66 ஆர்டர் என்பது சின்ன எண்ணிக்கை. இன்னொரு பதினைந்து நாள் இதே விளம்பரத்தை இதே நிலவரத்தில் ஓட்டினால் எட்டு ஆர்டர் கூடவோ குறையவோ வருவது சாதாரணம். அந்த எட்டுக்கே விகிதம் 0.28 ஆடும். வரம்பான 2.22 அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

ரூபாயாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. போய்ச் சேர்ந்த ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு 341 ரூபாய். திரும்பி வந்த ஏழு பார்சலுக்குப் போக, வர கூரியர் 120 ரூபாய் வீதம் 840 ரூபாய். அதை 66 ஆர்டரில் பரப்பினால் 13 ரூபாய். மொத்தம் 354. ஒரு ஆர்டரில் மிஞ்சுவது 360. மிச்சம் ஆறு ரூபாய். வீடியோ போட்ட காசை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “அப்போ ஆறு ரூபாய்க்கா இத்தனை பாடு?” என்றார்.

“முதல் ஆர்டருக்கு ஆறு ரூபாய் அண்ணா. தூள் பிடிச்சவங்க அடுத்த மாசம் நேரா வந்து வாங்குவாங்களே, அதுக்கு விளம்பரச் செலவு இல்லை” என்றேன். அது எத்தனை பேர் என்பதை இந்த நான்கு வாரக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. வீடியோ வழியாக வந்த 66 பேரின் எண்ணையும் தனியாகக் குறித்து வைத்து, அடுத்த மூன்று மாதம் பார்க்க ஏற்பாடு செய்தோம்.

ஒரே எண்ணிடம் இரண்டு கேள்வி

இதுவரை பல எண்கள் வந்துவிட்டன, இன்னொன்றும் இருக்கிறது. 28 நாளும் சேர்த்து, திரும்பியவற்றைக் கழித்து, கையில் வந்த காசைக் கணக்கிட்டால் 42,000 செலவுக்கு 68,500 ரூபாய். விகிதம் 1.63. இது 1.97ஐ விட மோசம்.

எது சரி என்று கேட்டால், இரண்டு வேறு கேள்வி இருக்கிறது என்பதுதான் பதில். அந்த நான்கு வாரத்தில் கடைக்குக் காசு வந்ததா? அதற்கு விடை 1.63. அதில் எந்த நாளையும் விடக் கூடாது. ஸ்டாக் இல்லாத நாளில் போன 8,700 ரூபாயும் கடையின் பையிலிருந்து போனதுதான், அதை “விதிவிலக்கு” என்று சொல்லி மறைக்க முடியாது. பொருள் இருந்து, பார்சலும் நேரத்துக்குப் போனால் இந்த வீடியோ விற்குமா? அதற்கு விடை 2.3ஐ ஒட்டிய எண். வீடியோவை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். முதல் கேள்வியின் விடையை எடுத்துக்கொண்டு இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதினால், மலைப்பாதையில் சரிந்த மண்ணுக்காக வீடியோவை மாற்றியதாகிவிடும். இரண்டாவதன் விடையைக் காட்டி முதல் கேள்வியைத் தட்டிக்கழித்தால், அடுத்த மழையிலும் இதே 8,700 போகும்.

அதனால் அந்த மாத வரவு செலவில் 8,700 ரூபாயை விளம்பரம் என்ற தலைப்பிலிருந்து எடுத்து, ஸ்டாக் தட்டுப்பாட்டு நஷ்டம் என்று தனி வரியாகப் போடச் சொன்னேன். நவம்பர் கடைசியில் அனுப்பித் திரும்பிய பார்சல்களின் கூரியர் காசையும் அப்படியே. வரி மாறினால் காசு திரும்பி வராது. ஆனால் அதைச் சரிசெய்யவேண்டியது விளம்பரம் செய்பவரா, ஸ்டாக் பார்ப்பவரா என்பது தெளிவாகும்.

இனி பெட்டிக்கு வருவோம். 26 ஆர்டர், 31,200 ரூபாய், விகிதம் 2.23. வீடியோவின் 1.97ஐ விட உயரம்தான். ஆனால் பெட்டியில் நூற்றுக்கு 35 ரூபாய்தான் மிஞ்சும், அட்டைப் பெட்டியும் சின்ன டப்பாக்களும் விலை. அதன் வரம்பு 2.86. ஒரு பெட்டிக்கு விளம்பரச் செலவு 538 ரூபாய், மிஞ்சுவது 420. ஒவ்வொரு பெட்டிக்கும் 118 ரூபாய் கையிலிருந்து போகிறது. மழை வாரத்தை விட்டுவிட்டு மற்ற மூன்று வாரத்தை மட்டும் எடுத்தாலும் 21 பெட்டிக்கு 10,500 செலவு, ஒன்றுக்கு 500. அப்போதும் நஷ்டம்தான். இதற்கு ஸ்டாக்கும் காரணமில்லை, முன்கூட்டியே பணம் கட்டினால்தான் பெட்டியை அனுப்புவதால் ரிட்டர்னும் காரணமில்லை. உண்மையிலேயே சரியாக ஓடாத விளம்பரம் அந்த நான்கு வாரத்தில் இதுதான். கடைக்காரர் முதலில் சொன்னபடி வீடியோவின் 1,500 ரூபாயையும் இதில் போட்டிருந்தால் நஷ்டம் நான்கு மடங்காகியிருக்கக்கூடும்.

அப்புறம் மாற்றியவை

வீடியோ தொடர்கிறது, அதே 1,500 ரூபாய்க்கு. 2.3 என்ற எண் பட்ஜெட்டை ஏற்றுவதற்குப் போதாது, நிறுத்துவதற்கும் காரணமாகாது. பெட்டி விளம்பரத்தை நிறுத்திவிட்டு, பொங்கலுக்கு முன் மூன்று வாரம் மட்டும் பார்ப்பதாக முடிவு.

ஸ்டாக்குக்கு ஒரு தாள் வைத்தாயிற்று. அரைக் கிலோ பாக்கெட் தீர்ந்தாலும் வந்தாலும் தேதி, மணி, யார் எழுதியது என்று மூன்று கட்டம். சென்னை, கோவை, மதுரை பின்கோடு ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டும் பக்கம் எத்தனை நாள் காட்டுகிறது என்று தினமும் காலையில் ஒரு தடவை பார்த்து அதே தாளில் எழுதுகிறார்கள். இரண்டு நிமிட வேலை. இந்தத் தாள் முன்பே இருந்திருந்தால் மேலே சொன்ன கணக்குக்கு நோட்டையும் டிரைவர் படத்தையும் தேடியிருக்க வேண்டியதில்லை.

பாக்கெட் 40க்குக் கீழே போனால் வீடியோவின் தினசரிச் செலவைப் பாதியாக்குவது, தீர்ந்ததும் நிறுத்துவது. நிறுத்தினால் மெட்டா மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும் என்று கடைக்காரர் பயந்தார். ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்தால்தான் அப்படி. டிசம்பரில் இருந்த இடைவெளி ஆறு நாளுக்கும் குறைவு. தவிர, கற்றல் நிலை முடிய வாரத்துக்கு ஏறத்தாழ 50 விற்பனை வேண்டும், இந்த வீடியோவுக்கு நல்ல நாட்களில்கூட வாரத்துக்கு 34 ஆர்டரை ஒட்டித்தான் வந்தது. இழக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டாக் இல்லாமல் ஓடவிட்டதால் நிரந்தரப் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டிசம்பர் 12க்குப் பின் கூடை, ஆர்டர் இரண்டும் பழைய அளவுக்கே திரும்பின. இதைவிடப் பல மடங்கு செலவு செய்யும் கணக்குகளில் இப்படியே இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

சென்னை பின்கோடு ஐந்து நாளுக்கு மேல் காட்டினால் விளம்பரத்தைக் கொங்கு, மதுரைப் பக்கம் மட்டும் காட்டும்படி மாற்றுவது என்றும் பேசினோம். அதற்கு ஒரு தடை இருக்கிறது. இந்தக் கடையின் விற்பனையில் பாதிக்கு மேல் சென்னைதான். சென்னையை எடுத்துவிட்டால் மீதி இடத்தில் அதே 1,500 ரூபாய் ஒரே ஆட்களைச் சுற்றிச் சுற்றி வரும். அதனால் இடத்தைக் குறைக்கும்போது செலவையும் சேர்த்துக் குறைக்கவேண்டும். பாதியாகக் குறைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். தாமதம் வந்த நாட்களில் கேஷ் ஆன் டெலிவரியை அந்தப் பின்கோடுகளுக்கு மட்டும் மூடிவைக்கும் வசதியைக் கடையின் மென்பொருளில் இப்போதே இயக்கியாயிற்று.